கூடுதலாக வந்த ரீஃபண்டை வருமான வரித்துறை திருப்பிக் கேட்டால்: கட்டுவதா, மறுப்பதா, திருத்தம் கேட்பதா?

என் மைத்துனர் மாதச் சம்பளக்காரர். 2023-24 மதிப்பீட்டு ஆண்டுக்கு அவருக்கு 26,000 ரூபாய் ரீஃபண்ட் வந்தது, செலவும் ஆகிவிட்டது. வெகுநாள் கழித்து, பிழை திருத்தத்துக்கான பிரிவு 154-இன் கீழ் ஓர் ஆணை: ரீஃபண்ட் அதிகமாகப் போய்விட்டது, 12,300 ரூபாயை 30 நாளில் கட்டு.

முதலில், அது துறை அனுப்பியதுதானா? ஆணையில் டிஐஎன் என்ற அடையாள எண் இருக்கும். வரித்துறை இணையதளத்தின் முகப்பில் "Authenticate Notice/Order Issued by ITD" பகுதியில் அதைப் போட்டால் தெரிந்துவிடும். மெயிலில் வந்த லிங்க்கை அழுத்திப் பார்ப்பது சோதனை ஆகாது.

அடுத்து கணக்கு. அவர் கட்டவேண்டிய வரி 41,000. ரிட்டர்ன் போட்டபோது, நம் பெயரில் பிடித்த வரி பதிவாகும் 26AS படிவத்தில் பிடித்தம் 67,000. ஆகவே ரீஃபண்ட் 26,000. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஐந்து மாதத்துக்கு, மாதம் அரை சதவீதம் வட்டியாக 650 ரூபாய் சேர்ந்து வந்தது. புது ஆணையில் பிடித்தம் 55,000 மட்டுமே. அப்படியானால் ரீஃபண்ட் 14,000, வட்டி 350. வித்தியாசம் 12,000, வட்டியில் 300. கூட்டல் சரிதான். ஆனால் கூட்டல் சரி என்பதால் கேட்பது நியாயம் என்று ஆகிவிடாது. குறைந்த அந்த 12,000 எங்கே போனது என்பதுதான் கேள்வி.

சம்பளச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தோம். பதினொரு மாதம் தலா 5,000, மார்ச்சில் 12,000. பிடித்தது நிஜம். 26AS-இல் மார்ச் வரி மட்டும் காணோம். நிறுவனம் தன் டிடிஎஸ் கணக்கைத் திருத்தியபோது அது விழுந்திருக்கிறது.

இனி வழிகள். வரித்துறை தளத்தில் "Demand is correct" என்று ஒப்புக்கொண்டு கட்டிவிடுவது ஒன்று. அலைச்சல் இல்லை, தாமதத்துக்கான மாதம் ஒரு சதவீத வட்டியும் (இங்கே 123 ரூபாய்) வராது. ஆனால் ஒருமுறை ஒப்புக்கொண்டால் தளத்தில் பிறகு மறுக்க முடியாது. ஒரே பிடித்தம் தவறுதலாக இரண்டு முறை ஏறி அதனால் ரீஃபண்ட் கூடியிருந்தால் இதுதான் சரியான வழி. அதில் வாதாட ஒன்றுமில்லை. மைத்துனர் விஷயம் அப்படியல்ல.

இரண்டாவது, பிரிவு 154-இன் கீழ் நாமே திருத்தம் கேட்பது. தளத்தில் "Tax credit mismatch correction" என்று இருக்கும். கட்டணம் இல்லை. ஆனால் ரிட்டர்ன்களைப் பரிசீலிக்கும் பெங்களூரு மையத்தின் கணினி 26AS-ஐத்தான் பார்க்கும், சம்பளச் சீட்டைப் பார்க்காது. மார்ச் தொகை தவறான பான் எண்ணுக்குப் போயிருந்து, நிறுவனம் அதைத் திருத்தி, 26AS-இல் வரி மறுபடி ஏறிய பிறகு போட்டால் வேலை முடியும். அதற்கு முன் போட்டால் அதே டிமாண்ட் அப்படியே திரும்பி வரும். பலர் சறுக்குவது இங்கேதான்.

மூன்றாவது, மறுப்பது. நிறுவனம் பிடித்த பணத்தை அரசுக்குக் கட்டவே இல்லை என்றால் இதுவே வழி. சம்பளத்தில் பிடித்த வரியை, பிடித்த அளவுக்கு, ஊழியரிடம் மறுபடி கேட்கக்கூடாது என்று 1961 சட்டத்தின் பிரிவு 205 சொல்கிறது. இப்படிப்பட்ட டிமாண்டை வசூலிக்கக்கூடாது என்று மத்திய நேரடி வரிகள் வாரியமும் 2015 ஜூனில் அதிகாரிகளுக்கு எழுதியிருக்கிறது. சம்பளச் சீட்டு, சம்பளம் வரவான வங்கிக் கணக்குப் பக்கம் இரண்டையும் இணைத்து மறுக்கலாம். ஆனால் மறுப்பு என்று தளத்தில் டிக் செய்ததால் மட்டும் டிமாண்ட் அழியாது. உங்கள் வருமான வரி வார்டு அதிகாரியிடம் மனு கொடுத்துப் பின்தொடர வேண்டும். நடுவில் அடுத்த ஆண்டு ரீஃபண்டில் கழிக்கப் போவதாக பிரிவு 245 அறிவிப்பு வந்தால், அதில் குறிப்பிட்டுள்ள கெடுவுக்குள் அதற்கும் பதில் போடுங்கள். பேசாமல் இருந்தால் கழித்துக்கொள்வார்கள்.

மேல்முறையீடு என்ற நான்காவது வழியும் உண்டு: 30 நாள் கெடு, வருமானம் இரண்டு லட்சத்துக்கு மேல் என்றால் 1,000 ரூபாய் கட்டணம். 12,300 ரூபாய்க்கு நான் அதை முதலில் தொடமாட்டேன். ஆனால் ஆணையை எதிர்க்க ஒரு காரணம் கையில் இருக்கிறது: ரீஃபண்டைக் குறைக்கும் திருத்தத்துக்கு முன் நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்டிருக்க வேண்டும் என்று பிரிவு 154(3) சொல்கிறது. அந்த நோட்டீஸ் வந்ததா என்று தளத்தின் இ-புரொசீடிங்ஸ் பகுதியில் தேடிப் பாருங்கள்.

மைத்துனர் விஷயத்தில் பான் எண்ணில் ஓர் எழுத்துப் பிழை. நிறுவனத்தின் கணக்காளரைத் துரத்தித் துரத்தித் திருத்த வைத்தோம். அதுவரை மறுப்பு, 26AS-இல் மார்ச் வரி தெரிந்த மறுநாள் திருத்த மனு.