திருவொற்றியூரில் காணாமல் போன 5,243 ரூபாய்

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். திருவொற்றியூர் தேரடியில் மெட்ரோவை விட்டு இறங்கி, பெட்டியை உருட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்ததுமே சித்தப்பா செல்போனை நீட்டினார். "இதப் பாருப்பா, அஞ்சாயிரத்துக்கு மேல காணோம். ஏஜென்ட் தான் தின்னுட்டான்." காபி வருவதற்கு முன்பே பஞ்சாயத்து.

மொட்டைமாடித் தளம் ஒழுகுகிறது என்று மியூச்சுவல் ஃபண்டை விற்றிருந்தார். தேவைப்பட்டது இரண்டரை லட்சம். விற்றதோ மொத்தத்தையும். விற்பதற்கு முன் எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டில் மதிப்பு 3,68,181.59 என்று இருந்தது. வங்கிக்கு வந்தது 3,62,938.21. வித்தியாசம் 5,243.38.

ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். யூனிட் 6,999.650, என்ஏவி 52.60. இரண்டையும் பெருக்கினால் திரையில் இருந்த தொகை பைசா சுத்தமாக வருகிறது. ஆக, கணக்கில் பிழை இல்லை. ஆனால் என்ஏவிக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு தேதி இருந்தது. அது வியாழக்கிழமைத் தேதி. சித்தப்பா விற்கச் சொல்லி பட்டனை அழுத்தியது வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கு.

என்ஏவி என்பது ஒரு யூனிட்டின் அன்றைய விலை. சந்தை மூடிய பிறகு கணக்கிட்டு இரவில்தான் வெளியிடுவார்கள். அதனால் பகலில் திரையில் தெரிவது எப்போதும் முந்தைய வேலை நாளின் விலைதான். மதியம் 3 மணிக்குள் விண்ணப்பம் போனால் அன்றைய விலை கிடைக்கும். 3 மணி தாண்டினால் அடுத்த வேலை நாளின் விலை. சித்தப்பாவுக்குத் திங்கட்கிழமை விலை கிடைத்தது, 52.00. யூனிட்டுக்கு 60 பைசா இறங்கியதில் 4,199.79 ரூபாய் போய்விட்டது. காணாமல் போனதில் பெரும்பகுதி இதுதான். அதை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை, விலை இறங்கிவிட்டது, அவ்வளவுதான். திங்கட்கிழமை ஏறியிருந்தால் கூடுதலாக வந்திருக்கும், சித்தப்பாவும் ஏஜென்டைப் பாராட்டியிருப்பார்.

மீதி 1,043.59. அதற்கு விவரமான ஸ்டேட்மென்ட் வேண்டும். செயலியில் கேட்டால் பதிவு செய்த மொபைலுக்கு ஓடிபி போகிறது. அந்த மொபைல் எண் ஏஜென்டுடையது! கணக்கு தொடங்கியபோது "நான் பார்த்துக்கிறேன் சார்" என்று தன் எண்ணையே எழுதிவிட்டார். ஓடிபி கேட்டு மூன்று முறை போன் செய்தும் எடுக்கவில்லை. சரி, நேரிலேயே போகலாம் என்று மறுநாள் காலை சித்தப்பாவின் பான் அட்டையோடு பாரிமுனைப் பக்கம் ஒரு சேவை மையத்துக்குப் போனோம்.

முக்கால் மணி நேரக் காத்திருப்பு. முதல் கவுன்டரில் இருந்தவர் திரையைப் பார்த்து "எக்ஸிட் லோட் சார்" என்று இரண்டு வார்த்தையில் முடித்துக்கொண்டார். சித்தப்பா, "நான் லோடு எதுவும் ஏத்தலையேம்மா" என்றார். அடுத்த கவுன்டரில் இருந்த பெண் பொறுமையானவர். கையெழுத்தைச் சரிபார்த்து, பரிவர்த்தனை ஸ்டேட்மென்டையும் முதலீட்டு ஆதாயக் கணக்கையும் அச்செடுத்தே கொடுத்துவிட்டார்.

அதில் வாங்கியதற்கான பதிவுகள் இரண்டு. 2023 ஜூனில் 2 லட்சம், அன்றைய என்ஏவி 40, கிடைத்தது 4,999.750 யூனிட். சரியாக 5,000 வராததற்குக் காரணம் முத்திரைத் தீர்வை 0.005 சதவீதம், அதாவது 10 ரூபாய். 2025 ஆகஸ்டில் இன்னொரு லட்சம், என்ஏவி 50, கிடைத்தது 1,999.900 யூனிட்.

எக்ஸிட் லோட் என்பது சீக்கிரம் வெளியேறுவதற்கான கழிவு. இவர் வைத்திருந்த பங்குச் சந்தை ஃபண்டில் ஓராண்டுக்குள் விற்றால் 1 சதவீதம். அந்த ஓராண்டு கணக்கு தொடங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை, ஒவ்வொரு முறை வாங்கிய யூனிட்டுக்கும் தனித்தனியாக ஓடும். 2023-இல் வாங்கியதற்குக் கழிவு இல்லை. ஆகஸ்டில் வாங்கிய 1,999.900 யூனிட்டுக்கு மட்டும், யூனிட்டுக்கு 52 பைசா வீதம் 1,039.95 ரூபாய். பாக்கி 3.64 பங்குப் பரிவர்த்தனை வரி, விற்ற தொகையில் 0.001 சதவீதம். மூன்றையும் கூட்டினால் 5,243.38. ஏஜென்ட் பாவம், இந்த விஷயத்தில் நிரபராதி.

எனக்கு வருத்தமாக இருந்தது அந்த 1,039 ரூபாய்தான். விற்கும்போது முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் வெளியேறும். அரிசி மூட்டையில் பழசை முதலில் காலி செய்வதுபோல. இரண்டரை லட்சம் மட்டும் கேட்டிருந்தால், 52 ரூபாய் விலையில் சுமார் 4,808 யூனிட் போயிருக்கும். 2023-இல் வாங்கியதே 4,999 இருக்கிறதே! ஆகஸ்ட் யூனிட்டைத் தொடவே வேண்டியிருக்காது, எக்ஸிட் லோட் பூஜ்யம். செயலியில் தொகை எழுதும் கட்டமும் "எல்லா யூனிட்டும்" என்ற டிக் பெட்டியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சித்தப்பா டிக் அடித்துவிட்டார்.

ஆதாயக் கணக்கைப் பார்த்ததும் அவருக்கு அடுத்த சந்தேகம். செயலியில் லாபம் 68 ஆயிரம் என்று காட்டியது, இந்தத் தாளில் 59,997 என்று ஓர் இடத்தில், 2,959.85 என்று இன்னோர் இடத்தில். செயலி காட்டியது விற்காத நிலையில், வியாழக்கிழமை விலையில் போட்ட கணக்கு. தாளில் இருப்பது உண்மையில் விற்ற விலையில் வந்தது. பழைய யூனிட் ஓராண்டைத் தாண்டியதால் நீண்டகால ஆதாயம், புதியது குறுகியகாலம். குறுகியகால ஆதாயத்தில் எக்ஸிட் லோடைக் கழித்த பிறகுதான் லாபம் காட்டியிருக்கிறார்கள், அது சரிதான். இந்த ஃபண்டில் எக்ஸிட் லோடுக்கும் வரிக்கும் ஓராண்டுதான் எல்லை என்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. முன்னதைத் தீர்மானிப்பது ஃபண்ட் நிறுவனம், திட்டத்துக்குத் திட்டம் மாறும். பின்னது வருமான வரிச் சட்டம்.

2024 ஜூலை 23 முதல் பங்குச் சந்தை ஃபண்டின் நீண்டகால ஆதாயத்தில் ஒரு நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். சித்தப்பாவுக்கு வேறு விற்பனை எதுவும் இல்லை, அதனால் அந்த 59,997-க்கு வரி வராது. குறுகியகாலத்துக்கு 20 சதவீதம், சுமார் 592 ரூபாயும் செஸ்ஸும். இந்த வரியை ஸ்டேட்மென்டில் கழிக்கவில்லை. இந்தியாவில் வசிப்பவரிடம் ஃபண்ட் நிறுவனம் இந்த வரியைப் பிடிக்காது, அவரேதான் ரிட்டர்னில் காட்ட வேண்டும். என்னைப் போல வெளிநாட்டில் இருப்பவர் விற்றால் டிடிஎஸ் பிடித்துக்கொண்டுதான் அனுப்புவார்கள். அதனால் என் ஸ்டேட்மென்டையும் அவருடையதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் கடைசித் தொகை ஒத்துப்போகாது.

"மிச்சம் இருக்கிற லட்சத்தைத் திரும்பப் போட்டுடலாமா?" என்றார் திரும்பி வரும் வழியில். போடலாம், ஆனால் ஓராண்டுக் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கும், ஆகஸ்டில் போட்டதற்கு ஏற்கெனவே ஓடிய மாதங்கள் போனது போனதுதான் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். மொபைல் எண்ணை மாற்றும் படிவத்தை மட்டும் அன்றே கவுன்டரில் நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம். நான் விமானம் ஏறுவதற்கு முதல் நாள், ஃபண்டிலிருந்து முதல் குறுஞ்செய்தி அவர் போனுக்கே வந்தது.