வாட்ச் கம்பெனி எதை விற்கிறது? ஆண்டறிக்கையில் மூன்று இடங்கள்

ஓசூர் பக்கம் டைட்டன் என்றால் இன்றும் 'வாட்ச் கம்பெனி'தான். அதன் பங்கை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த என் மச்சான், கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கேட்டதும் அதை வைத்துத்தான்: "மணி பாக்க செல்போன் இருக்கு. இனி வாட்ச் யாரு மச்சான் வாங்கப் போறாங்க?"

பதிலை நான் வாயால் சொல்லவில்லை. ஆண்டறிக்கையை இறக்கி, அதில் மூன்று இடங்களைக் காட்டினேன். கம்பெனி எதை விற்கிறது என்பதை மூன்றும் சொல்லும். ஆனால் ஒன்று சொல்வதை இன்னொன்று சொல்லாது.

முதல் இடம், முன்பக்கத்தில் வரும் தொழில் விவரிப்பு. சில கம்பெனிகள் இதை நிர்வாக அலசல் பகுதிக்குள் வைத்திருக்கும். என்ன பொருள், எந்த பிராண்டு, யார் வாங்குகிறார்கள், சொந்தக் கடையிலா பிரான்சைஸ் கடையிலா என்பதெல்லாம் இங்கேதான் கிடைக்கும். டைட்டன் அறிக்கையில் தனிஷ்க், மியா, ஃபாஸ்ட்ராக், சொனாட்டா, டைட்டன் ஐ பிளஸ், ஸ்கின் வாசனைத் திரவியம், தனேரா சேலை எல்லாம் வரிசையாக வரும். சிக்கல் என்னவென்றால், இங்கே பக்கத்துக்கும் பணத்துக்கும் சம்பந்தமில்லை. நகையும் சேலையும் ஒரே மாதிரி அழகான படங்களோடு வந்தால், இரண்டும் சம எடை என்று மனசு கணக்குப் போட்டுவிடும். மச்சானும் சேலைப் படத்தில்தான் நின்றார்.

இந்தப் பகுதியை நான் பென்சிலோடு படிப்பேன். பில் போட்டு விற்கக்கூடிய பொருளின் பெயர் வந்தால் மட்டும் அடிக்கோடு. 'தீர்வுகள்', 'மதிப்புச் சங்கிலி' மாதிரி சொற்களைத் தாண்டிவிடுவேன். இரண்டு பக்கம் படித்தும் ஒரு கோடுகூட விழவில்லை என்றால், அந்தக் கம்பெனியின் பொருள் என்னவென்று எனக்கு இன்னும் தெரியவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது இடம் பி.ஆர்.எஸ்.ஆர். அட்டவணை. கம்பெனியின் தொழில் பொறுப்பு, நிலைத்தன்மை பற்றி ஆண்டறிக்கையோடு வரும் அறிக்கை இது. சந்தை மதிப்பில் முதல் 1000 கம்பெனிகளுக்கு 2022-23 முதல் செபி இதைக் கட்டாயமாக்கியது. விற்றுமுதலில் 90 சதவீதத்தைத் தரும் பொருள்கள் எவை, ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் என்று ஆரம்பத்திலேயே எழுதியாக வேண்டும். அவசரத்துக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் 90-ஐத் தொட்டதும் பட்டியலை முடித்துக்கொள்ளலாம் என்பதால், இப்போதுதான் முளைக்கும் தொழில் விட்டுப்போகலாம். அந்த அட்டவணை தாய்க் கம்பெனிக்கு மட்டுமா, துணை நிறுவனங்களையும் சேர்த்தா என்பதும் அங்கேயே எழுதியிருக்கும். அதையும் பார்த்துவிட வேண்டும்.

மூன்றாவது, கணக்குக் குறிப்புகளில் வரும் பிரிவுவாரி விவரம். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். நான் அதிகம் நம்புவது இதைத்தான். காரணம், இது தணிக்கைக்கு உட்பட்டது. டைட்டனில் வாட்ச், நகை, மூக்குக் கண்ணாடி, 'மற்றவை' என்று பிரித்திருப்பார்கள். பத்து ரூபாய் வருமானத்தில் எட்டு ரூபாய்க்கு மேல் நகையில் வருகிறது. வாட்ச் ஒரு ரூபாயைக்கூட எட்டவில்லை. இதைப் பார்த்ததும் மச்சான் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்: "அப்ப இது நகைக்கடைதானே!"

ஆமாம், அவர் கேட்க வேண்டிய கேள்வியே மாறிவிட்டது. செல்போனை விட்டுவிட்டுத் தங்க விலையைப் பற்றிக் கேட்க வேண்டும். விலை ஏறினால், அதே எடை நகை விற்றாலும் வருமானம் கூடிவிடும். தங்கக் கட்டியாக விற்பதும் வருமானத்தில் சேரும். அதில் லாபம் சொற்பம். எனவே வருமானத் தொகையோடு நிற்காமல், அதே குறிப்பில் பிரிவுவாரி லாபத்தையும் படிக்க வேண்டும்.

இந்தக் குறிப்புக்கும் குறை உண்டு. பத்து சதவீதத்துக்குக் கீழே உள்ள தொழில்களை 'மற்றவை'யில் கொட்டிவிட விதி இடம் கொடுக்கிறது. சேலை, வாசனைத் திரவியம் எல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். அவை என்னவென்று அறிய முன்பக்க விவரிப்புக்குத்தான் திரும்ப வேண்டும்.

தாய்க் கம்பெனியின் தனிக் கணக்கா, துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கா என்பதிலும் கவனம் தேவை. ஆன்லைன் நகை விற்கும் கேரட்லேனும், ஓசூரில் மற்ற ஆலைகளுக்கு ஆட்டோமேஷன் இயந்திரம் செய்து தரும் நிறுவனமும் டைட்டனின் துணை நிறுவனங்கள். அவற்றின் விற்பனை ஒருங்கிணைந்த கணக்கில்தான் தெரியும். அதே ஓசூரின் டி.வி.எஸ். மோட்டாரைத் தனிக் கணக்கில் பார்த்தால் வண்டிக் கம்பெனி. ஒருங்கிணைந்த கணக்கைத் திறந்தால் கடன் கொடுத்து வட்டி வாங்கும் தொழிலும் ஒரு பிரிவாக நிற்கும்.

மூன்றில் ஒன்றுதான் படிக்க நேரம் என்றால் பிரிவுவாரிக் குறிப்பைத்தான் சொல்வேன். அரை மணி நேரம் இருந்தால், முன்பக்கத்தில் அடிக்கோடிட்ட பெயர்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பின்பக்கத்துத் தொகையைப் போடுங்கள். மச்சான் போட்ட தாளில் ஏழு பெயர்களில் மூன்றுக்கு எதிரே தொகை போட முடியவில்லை. அந்த மூன்றையும் சுழித்துவைத்து, அடுத்த வருட அறிக்கைக்குக் காத்திருக்கிறார்.