விளம்பரம் அடுத்தவரைத்தான் அசைக்கும் என்ற எண்ணம்: மூன்று விளக்கங்கள், எது தேறும்?

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பேப்பரில் ஓசூர், அத்திப்பள்ளி பக்கத்து மனை விளம்பரம் முழுப் பக்கத்துக்கு வருகிறது. பெங்களூரில், அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ ஒரு தமிழ்க் குடும்பத்தில் கேட்டுப் பாருங்கள். “இதையெல்லாம் பார்த்து நாங்க ஏமாற மாட்டோம். ஆனா ஜனங்க மயங்கிடுவாங்க” என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். பக்கத்து வீட்டில் கேட்டாலும் அதே பதில். எல்லாரும் தன்னை விட்டுவிட்டு மற்றவரைச் சுட்டினால், எங்கோ கணக்கு இடிக்கிறது. இதற்கு மூன்றாம் நபர் விளைவு என்று பெயர் வைத்தவர் அமெரிக்க ஆய்வாளர் பிலிப்ஸ் டேவிசன், 1983-இல். அதன்பின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில் இந்த இடைவெளி திரும்பத் திரும்பக் கிடைத்திருக்கிறது. ‘உங்களை எவ்வளவு பாதிக்கும்?’ என்பதை முதலில் கேட்டாலும், ‘மற்றவரை?’ என்பதை முதலில் கேட்டாலும் அது மறைவதில்லை. ஆகவே இப்படி ஒன்று உண்டா என்பது இங்கே கேள்வி இல்லை. ஏன் வருகிறது என்பதற்குப் போட்டி போடும் விளக்கங்களில் எதை எடுத்துக்கொள்வது என்பதுதான் கேள்வி. என் தேர்வு மூன்றாவது. மற்ற இரண்டையும் முதலில் பார்த்துவிடலாம்.

முதல் விளக்கம் தற்பெருமை. ஏமாறுவது அசட்டுத்தனம், நான் அசடு இல்லை, ஆகவே நான் ஏமாற மாட்டேன். இதற்கு வலுவான சான்று ஒன்று உண்டு. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 1999-இல் வெளியான ஆய்வில், சிகரெட் விளம்பரம் தங்களைவிட மற்றப் பிள்ளைகளைத்தான் அதிகம் இழுக்கும் என்றார்கள். புகைக்காதே என்று சொல்லும் விளம்பரத்தைப் பற்றிக் கேட்டபோது பதில் தலைகீழானது: அது மற்றவர்களைவிடத் தங்களைத்தான் அதிகம் தொடும் என்றார்கள். நல்ல செய்திக்கு மசிவது பெருமை, கெட்ட செய்திக்கு மசிவது இழுக்கு என்று வைத்துக்கொண்டால் இரண்டு பதிலும் ஒத்துப்போகின்றன. மற்ற இரு விளக்கங்களுக்கும் இந்தத் தலைகீழ் மாற்றம் எளிதில் அடங்காது. இதில் முதல் விளக்கம்தான் முந்துகிறது, அதை மறைப்பதற்கில்லை.

இரண்டாவது, யார் அதை அதிகம் பார்க்கிறார்கள் என்ற கணக்கு. வன்முறைப் பாடல் வரிகளைப் பற்றிக் கேட்டபோது, மக்கள் வெறுமனே ‘தூரத்து ஆட்கள்’ அதிகம் கெடுவார்கள் என்று சொல்லவில்லை. அந்தப் பாட்டை யார் அதிகம் கேட்பார்கள் என்று நினைத்தார்களோ, அவர்கள்தான் அதிகம் கெடுவார்கள் என்றார்கள். இதில் பெருமை எதுவும் இல்லை, சாதாரண அனுமானம்தான். ஒயிட்ஃபீல்டில் வாடகைக்கு இருக்கும் இளைஞர் முதியோர் மருத்துவக் காப்பீட்டு விளம்பரத்தைப் பற்றி “எனக்கில்லை, பெரியவங்களுக்கு” என்றால் அதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் மனை வாங்கும் வயதில், வாங்கும் வசதியில் இருப்பவரே மனை விளம்பரத்தைப் பற்றி அப்படிச் சொல்லும்போது இந்த விளக்கம் உதவுவதில்லை.

மூன்றாவது: தன் மனம் மாறியதைத் தான் பார்க்க முடிவதில்லை. மற்றவரைப் பற்றி முடிவு செய்யும்போது நமக்கிருப்பது பொது அறிவு மட்டும். விளம்பரம் என்றால் ஆட்களை அசைக்கும், அவ்வளவுதான். நம்மைப் பற்றி முடிவு செய்யும்போது உள்ளே திரும்பிப் பார்க்கிறோம். அங்கே ‘அந்த விளம்பரத்தால் நான் மாறினேன்’ என்ற சுவடு கிடைப்பதில்லை. சுவடு இல்லாததை, மாற்றமே இல்லை என்று எடுத்துக்கொள்கிறோம்.

சுவடு இருக்காது என்பதை 1977-இல் நிஸ்பெட், வில்சன் என்ற இருவர் எளிமையாகக் காட்டினார்கள். ஒரு கடையில் நான்கு சோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று கேட்டார்கள். நான்கும் ஒன்றேதான். இடது ஓரத்தில் இருந்ததை 12 சதவீதம் பேர் தேர்ந்தார்கள், வலது ஓரத்தில் இருந்ததை 40 சதவீதம் பேர். காரணம் கேட்டபோது நெசவு, மென்மை என்றெல்லாம் சொன்னார்கள். வைத்திருந்த இடத்தை ஒருவரும் சொல்லவில்லை. இடம் காரணமாக இருக்குமோ என்று நேரடியாகக் கேட்டபோதும் ஏறக்குறைய எல்லாரும் மறுத்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. சிக்பேட்டையில் கடைக்காரர் கடைசியாக விரித்த புடவையை எடுத்துக்கொண்டு “கரை நல்லா இருந்துச்சு” என்பவரும் பொய் சொல்வதில்லை. கரை கண்ணில் பட்டது, வரிசை படவில்லை.

மூன்றையும் பிரிக்க நான் வைக்கும் உரைகல் ஒன்றே ஒன்று: பிழை எந்தப் பக்கம்? ‘விளம்பரத்தின் பாதிப்பு எனக்கு 1, மற்றவருக்கு 3’ என்று ஒருவர் சொன்னால், அந்த 1 தவறா, 3 தவறா? தன்னை உயர்த்த வேண்டும் என்றால் மற்றவரை மட்டம் தட்டினாலும் போதும். ஆகவே தற்பெருமை மட்டுமே காரணம் என்றால் 3-உம் ஊதியிருக்கலாம். பார்வைக் கணக்கு என்றால் 3 சரியாகவும் 1 சரியாகவும் இருக்க வாய்ப்புண்டு. மூன்றாவது விளக்கம் மட்டும்தான் 3 ஏறக்குறைய சரி, 1 மட்டும் தவறு என்று துணிந்து சொல்கிறது.

இதைச் சோதித்தவர்கள் டக்ளஸ், சட்டன் என்ற இருவர். அவர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இளவரசி டயானாவின் மரணத்தைச் சுற்றிய சதிக்கதைகளைப் பற்றியது. ஒரு மாணவர் குழு எதையும் படிக்காமல் தன் கருத்துக்கும் சக மாணவர் கருத்துக்கும் மதிப்பெண் இட்டது. இன்னொரு குழு சதிக்கதைகளைப் படித்துவிட்டு இட்டது. படிப்பதற்கு முன் தன் கருத்தும் மற்றவர் கருத்தும் என்னவாக இருந்திருக்கும் என்றும் இரண்டாவது குழுவிடம் கேட்டார்கள். மற்றவர்கள் எவ்வளவு மாறியிருப்பார்கள் என்ற ஊகம் சரியாக இருந்தது. தாங்கள் எவ்வளவு மாறினோம் என்பதைத்தான் குறைத்துச் சொன்னார்கள்.

இதை மனை விளம்பரத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் இட்டவை. ஒரு தமிழ்ச் சங்கத்தில் 40 பேர். சீட்டுக் குலுக்கி இருபது இருபதாகப் பிரிக்கிறோம். ‘ஓசூர்ப் பக்கம் மனை வாங்குவது நல்ல முதலீடு’ என்ற வரிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண். விளம்பரம் பார்க்காத குழுவின் சராசரி 4. நான்கு விளம்பரங்களை நிதானமாகப் பார்த்த குழுவின் சராசரி 6. உண்மையான அசைவு 2. இப்போது பார்த்த குழுவிடம், பார்ப்பதற்கு முன் என்ன போட்டிருப்பீர்கள் என்று கேட்டால் 5.5 என்கிறார்கள். சங்கத்தில் மற்றவர்கள்? 4-இலிருந்து 6-க்குப் போயிருப்பார்கள் என்கிறார்கள். தன் அசைவு அரை, பிறர் அசைவு இரண்டு. இங்கே கோணல் இருப்பது இறுதி மதிப்பெண்ணில் இல்லை, தொடக்க மதிப்பெண்ணில். இன்றைய கருத்தின் சாயலிலேயே பழைய கருத்தையும் நினைவுகூர்கிறார்கள். ‘நான் எப்பவுமே அப்படித்தான் நினைச்சேன்’ என்ற வாக்கியம் பிறக்கும் இடம் இது.

சோதனையைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. ஒரே ஆளிடம் முன்னும் பின்னும் கேட்டால், முதலில் எழுதிய எண் நினைவிருக்கும், அதையே காப்பாற்றப் பார்ப்பார். அதனால்தான் தனிக் குழு. ஆள் இல்லாமல் ஒரே குழுவை வைத்துத்தான் செய்தாக வேண்டும் என்றால், அந்த ஒரு வரியை வேறு பத்துப் பன்னிரண்டு வரிகளுக்கு நடுவே புதைத்து, இரண்டு வாரம் இடைவெளி விட்டுத் திரும்பக் கேளுங்கள். ‘மற்றவர்’ யார் என்பதையும் எழுதிவிட வேண்டும். ‘இந்தச் சங்கத்து உறுப்பினர்’ என்றால் ஒரு பதில், ‘பெங்களூர் ஜனங்கள்’ என்றால் இன்னொரு பதில் வரும். ஆள் தூரமாகத் தூரமாக மதிப்பெண் ஏறும் என்பதை 1988-இலேயே ஸ்டான்ஃபோர்டு மாணவர்களிடம் பார்த்திருக்கிறார்கள். உங்கள் இரு குழுக்களும் சங்கத்து ஆட்கள் என்றால், ஊராரைப் பற்றிய ஊகத்தை அவர்களோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க முடியாது. இன்னொன்று, குழுவுக்கு 20 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. இரண்டு மூன்று பேர் 10 போட்டாலே சராசரி நகர்ந்துவிடும். ஆகவே 1 புள்ளி வித்தியாசத்தை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

என் சாய்வுக்கும் வரம்பு உண்டு. டயானா ஆய்வு மாணவர்களிடம், ஒரே அமர்வில் நடந்தது. வருடக்கணக்கில் மெட்ரோத் தூணிலும் டிவியிலும் ஓடும் விளம்பரத்துக்கு அது அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். சிகரெட் விளம்பரத் தலைகீழுக்கு முதல் விளக்கத்தின் துணை இல்லாமல் முடியாது. மற்றவரைப் பற்றிய ஊகம் எப்போதும் சரி என்றும் ஆகாது. அதற்கு டேவிசனே தொடக்கத்தில் சொன்ன கதை போதும்: இரண்டாம் உலகப் போரில், இவோ ஜிமா தீவில், வெள்ளை அதிகாரிகளின் கீழ் இருந்த கறுப்பினப் படைப்பிரிவைக் குறிவைத்து ஜப்பானியர் துண்டறிக்கை போட்டார்கள். இது வெள்ளையரின் போர், உங்களோடு எங்களுக்குப் பகை இல்லை என்பது சாரம். மறுநாளே அந்தப் பிரிவு திரும்பப் பெறப்பட்டது. அறிக்கை சிப்பாய்களை அசைத்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. அசைத்துவிடும் என்று நினைத்த அதிகாரிகள்தான் அசைந்தார்கள். காவிரிப் பிரச்சினை சூடாகும் நாட்களில் வதந்தி வாட்ஸ்அப்பில் வந்தால், “நான் நம்பல, மத்தவங்க நம்பிடுவாங்களே” என்று கடையைச் சாத்துபவரின் நிலையும் இதுதான். ஆனால் அவர் சாத்துவது தப்பில்லை. மற்றவர் நம்பினால் இழப்பு அவருக்கு.

பிரச்சாரத்தில் பிறர் பக்கத்து ஊகம் அப்படித் தவறலாம். விற்பனை விளம்பரத்தில் தவறு நம் பக்கம் என்று எடுத்துக்கொண்டு நடப்பதே பயனுள்ளது என்று நான் கருதுவதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. தற்பெருமைதான் காரணம் என்றால் அடக்கமாக இருங்கள் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. நினைவுதான் பிசகுகிறது என்றால் அதற்கு ஒரு தாள் போதும். மனை பார்க்க நிறுவனத்தின் இலவச வண்டியில் ஏறுவதற்கு முந்தின நாள், சதுர அடிக்கு அதிகபட்சம் எவ்வளவு தருவேன், பெங்களூரிலிருந்து எத்தனை கிலோமீட்டர் வரை போவேன், பத்திரத்தில் என்ன இல்லாவிட்டால் வேண்டாம் என்பேன் என்ற மூன்றையும் தேதி போட்டு எழுதுங்கள். தாளை வீட்டில் வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். திரும்பி வந்ததும், தாளைப் பார்க்காமல், நேற்று என்ன எழுதினேன் என்று நினைவிலிருந்து இன்னொரு தாளில் எழுதுங்கள். பிறகு இன்று என்ன தரத் தயார் என்பதையும் எழுதுங்கள். முதல் தாளுக்கும் கடைசி எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் விருப்பம் எவ்வளவு நகர்ந்தது என்பது. முதல் தாளுக்கும் நினைவில் எழுதியதற்கும் உள்ள வித்தியாசம் அதில் எவ்வளவு உங்களுக்கே தெரியாமல் போனது என்பது. மனையை நேரில் பார்த்ததில் கிடைத்த உண்மைத் தகவலும் விருப்பத்தை நகர்த்தியிருக்கலாம். ஆகவே எண் மாறினாலே ஏமாந்துவிட்டோம் என்று பொருள் இல்லை. என்ன புதிதாகத் தெரிந்ததால் மாறியது என்று பக்கத்தில் ஒரு வரி எழுத முடிகிறதா என்று பாருங்கள். எழுத முடியவில்லை என்றால் முன்பணம் கட்டுவதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போடுங்கள்.