ஸ்டாம்ப் சைஸ் படத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் விளிம்புக்கு என்ன ஆகும்: ஆறு வருட GIMP அனுபவம்

மார்த்தாண்டத்தில் நினைவஞ்சலிப் போஸ்டரும் பிரேம் படமும் செய்துகொடுப்பது என் தொழில். ஆறு வருடமாக GIMP என்ற படம் திருத்தும் மென்பொருளில்தான் வேலை. பழைய படங்களில் என்னை அதிகம் படுத்தியது முகம் அல்ல, முகத்தைச் சுற்றி ஓடும் விளிம்பு.

ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன். குலசேகரத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். அவருடைய அப்பா ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தபோது அடையாள அட்டைக்கு எடுத்த ஸ்டாம்ப் சைஸ் படம். அசல் தொலைந்துவிட்டது, யாரோ எப்போதோ 200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்த கோப்பு மட்டும் மிச்சம். அகலம் 157 பிக்சல், உயரம் 197. அதை எட்டுக்குப் பத்து இஞ்ச் பிரேமுக்கு, பின்னணியை எடுத்துவிட்டு அடர் மெரூன் நிறத்தில் வேண்டும் என்றார். அதாவது பத்து மடங்கு பெரிதாக்க வேண்டும்.

முதலில் வழக்கம்போல Fuzzy Select வைத்துப் பின்னணியைத் தேர்ந்தெடுத்து நீக்கினேன், அப்புறம் பெரிதாக்கினேன். திரையில் சின்னதாகப் பார்க்கும்போது சுத்தமாகத்தான் இருந்தது. பிரிண்ட் வந்ததும் அக்கா கேட்டார், "தம்பி, அப்பா தலையைச் சுத்தி எதுக்கு வெள்ளையா கோடு ஓடுது?"

அந்தக் கோடு வந்த காரணம் இது. தலைமுடியின் வெளிச்ச அளவு 40, பின்னால் உள்ள சுவர் 220 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் உள்ள பிக்சல் பாதி முடி, பாதி சுவர். அதன் அளவு 130. அது முடியும் இல்லை, சுவரும் இல்லை. சுவரை நீக்கும்போது அந்தப் பிக்சல் முடியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. வெளிர் பின்னணியில் அது கண்ணில் படாது. மெரூனில் வைத்தால் வெளுத்துத் தெரியும். ஒரு பிக்சல் பத்து பிக்சலாகும்போது, 200 டிபிஐ பிரிண்டில் அது ஒரு மில்லிமீட்டருக்கும் மேல். சரி, Fuzzy Select-இன் வரம்பைக் கூட்டி அந்தப் பிக்சலையும் நீக்கலாமே என்றால், விளிம்பு படிக்கட்டு மாதிரி வெட்டுப்படும். அந்தப் படிகள் பெரிதாகும்போது காதோரம் ரம்பப் பல் மாதிரி அலை அலையாக நிற்கும்.

அதனால் இப்போது வரிசையை மாற்றிவிட்டேன். பின்னணியோடு சேர்த்தே முதலில் Scale Image-இல் பெரிதாக்கிவிடுவேன், Interpolation-இல் Cubic. முடிக்கும் சுவருக்கும் இடையில் பத்துப் பதினைந்து பிக்சல் அகலத்தில் மங்கலான சரிவு ஒன்று கிடைக்கும். Paths கருவியால் அந்தச் சரிவின் நடுவில், கொஞ்சம் உட்பக்கமாகத் தள்ளிக் கோடு போடுவேன். 157 பிக்சலில் படியாக இருந்த காது இங்கே வளைவாகக் கையில் சிக்கும். அந்தக் கோட்டைத் தேர்வாக மாற்றி, விளிம்பு மங்கலாக Feather கொடுத்து, பின்னணியை மறைக்கும் லேயர் மாஸ்க்காக வைப்பேன். எதையும் அழிப்பதில்லை, தப்பினால் மாஸ்க்கில் திரும்ப வரைந்துகொள்ளலாம்.

Feather எவ்வளவு என்பதை அந்தப் படமே சொல்லும். சட்டைக் காலர் கழுத்தில் எவ்வளவு மங்கலாக முடிகிறதோ, வெளி விளிம்பும் அவ்வளவு மங்கலாக இருக்க வேண்டும். இந்தப் படத்துக்கு 10 சரியாக வந்தது. 2 வைத்துப் பார்த்தேன். மங்கலான முகத்தைச் சுற்றிக் கூர்மையான விளிம்பு, கத்தரியால் வெட்டி ஒட்டிய அட்டைப்படம் மாதிரி ஆகிவிட்டது.

மாஸ்க் போட்ட பிறகும் அரைகுறையாகத் தெரியும் பிக்சல்களில் சுவரின் வெளுப்பு மிச்சமிருக்கும். Clone கருவியால் உள்ளேயிருக்கும் முடியின் நிறத்தை எடுத்து, மாஸ்க்கைத் தொடாமல், படத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே வரை பூசுவேன். இந்த ஒரு வேலையில்தான் வெள்ளைக் கோடு முழுசாகப் போகும். சரிபார்க்க, அடியில் ஒரு முறை கறுப்பு, ஒரு முறை அடர் சிவப்பு லேயர் வைத்து 100 சதவீதத்தில் விளிம்பைச் சுற்றிவருவேன். வெள்ளை லேயரில் மட்டும் பார்த்து அனுப்பினால் ஏமாந்துபோவோம்.

இதிலும் நடக்காத வேலை உண்டு. ஜேபெக்கில் அதிகம் அமுக்கிய கோப்பாக இருந்தால் எட்டு பிக்சல் கட்டங்கள் எண்பது பிக்சல் கட்டங்களாகி, தோளைச் சுற்றிப் புழுதி மாதிரி தெரியும். அங்கே விளிம்பு எது, புழுதி எது என்று கண்தான் முடிவு செய்ய வேண்டும். தனித்தனி முடியிழைகள் எந்த வழியிலும் திரும்ப வராது.

அந்த அப்பாவின் படத்தில் இடது தோளில் விளிம்பே இல்லை. வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சுவர், இரண்டும் ஒரே அளவு. வலது தோளைத் திருப்பி வைத்துக் கோடு போட்டிருந்தேன். அக்கா திரையைப் பார்த்து, "இல்ல தம்பி, அப்பாவுக்கு அந்தத் தோளு கொஞ்சம் இறங்கியிருக்கும்" என்று விரலால் காட்டினார். அவர் காட்டிய இடத்தில் கோட்டை இறக்கி, அதே 10 Feather கொடுத்து பிரிண்ட் போட்டேன்.