700 ஹெர்ட்ஸுக்கு ஒரு வடிகட்டி: சாலன்-கீ, எம்.எஃப்.பி., டோ-தாமஸ்

மோர்ஸ் கேட்கும் ரிசீவர் ஒன்றுக்கு ஒலிமுனையில் பேண்ட்பாஸ் வடிகட்டி வேண்டியிருந்தது. தேவை மூன்றே மூன்று எண்கள்: மைய அதிர்வெண் 700 ஹெர்ட்ஸ், அகலம் சுமார் 100 ஹெர்ட்ஸ், மையத்தில் பெருக்கம் 5. அதாவது Q என்பது 7. இதைக் கட்ட மூன்று பழைய சுற்றுகள் போட்டியிடுகின்றன: சாலன்-கீ, மல்டிபிள் ஃபீட்பேக் (எம்.எஃப்.பி.), டோ-தாமஸ் பைகுவாட். என் கேள்வி ஒன்றுதான்: அந்த மூன்று எண்களையும் எந்தச் சுற்று தனித்தனியாகத் திருகவிடும்?

முதலில் கழிந்தது சாலன்-கீ. மூன்று மின்தடைகளும் சமம், இரண்டு கெபாசிட்டர்களும் சமம் என்று வைத்தால் அதன் Q முழுவதும் ஆப்-ஆம்பின் பெருக்கம் K-வைத் தொங்கிக்கொண்டிருக்கிறது:

```
Q = √2 / (4 − K)
மையப் பெருக்கம் = K / (4 − K)
```

Q 7 ஆக வேண்டுமானால் K 3.798 ஆக இருக்க வேண்டும். K ஒரு சதவீதம் கூடினால் Q 8.6-க்கு ஏறிவிடும். K 4-ஐத் தொட்டால் அது வடிகட்டியே இல்லை, ஊளையிடும் ஆசிலேட்டர். K-வை நிர்ணயிப்பவை இரண்டு மின்தடைகள். இரண்டும் 5 சதவீத ரகமாக இருந்து, ஒன்று மேலேயும் மற்றொன்று கீழேயும் போனால் K 4-ஐத் தாண்டிவிடும். கடையில் அள்ளிவந்த மின்தடைகளை வைத்து இந்தச் சூதாட்டம் எதற்கு? போதாக்குறைக்கு மையப் பெருக்கம் தானாகவே 19-க்கு அருகில் வந்து நிற்கிறது. நமக்கு 5 போதும் என்றால் உள்ளீட்டிலேயே அதைக் குறைக்க வேண்டும். Q 2, 3 அளவில் இருந்தால் இந்தச் சுற்றோடு எனக்குச் சண்டை இல்லை.

எம்.எஃப்.பி.யில் ஒரு ஆப்-ஆம்ப், இரண்டு சம கெபாசிட்டர்கள், மூன்று மின்தடைகள். உள்ளீட்டிலிருந்து R1 ஒரு முனைக்கு வருகிறது. அதே முனையிலிருந்து R2 தரைக்கு இறங்குகிறது, ஒரு கெபாசிட்டர் வெளியீட்டுக்குப் போகிறது, இன்னொன்று ஆப்-ஆம்பின் எதிர்முனைக்குப் போகிறது. R3 வெளியீட்டையும் எதிர்முனையையும் இணைக்கிறது. கணக்கை இந்த வரிசையில் போடுவது நல்லது:

```
அகலம்     = 1 / (π R3 C)
பெருக்கம்  = R3 / (2 R1)
f0        = (1 / 2πC) √( (1/R1 + 1/R2) / R3 )
```

வரிசையிலேயே விஷயம் இருக்கிறது. அகலத்தை R3 மட்டும் தீர்மானிக்கிறது. அது முடிந்தபின் பெருக்கத்தை R1 தீர்மானிக்கிறது. R2 முதல் இரண்டு வரிகளிலும் இல்லை. ஆகவே R2-ஐத் திருகினால் மையம் மட்டும் நகரும். அகலமும் பெருக்கமும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

C 10 நானோஃபாரட் என்று எடுத்தால், 100 ஹெர்ட்ஸ் அகலத்துக்கு R3 318 கிலோ ஓம் வருகிறது. கையில் இருந்தது 330 கிலோ ஓம். அதைப் போட்டால் அகலம் 96.5 ஹெர்ட்ஸ் ஆகிறது. மூன்றரை ஹெர்ட்ஸுக்காகக் கடைக்கு ஓட வேண்டாம். பெருக்கம் 5 என்பதால் R1 33 கிலோ ஓம். மிச்சம் R2: கணக்கு 1645 ஓம் என்கிறது.

பலர் இங்கே 1.5 கிலோ ஓமோடு ஒரு 500 ஓம் ப்ரீசெட்டைத் தொடராகச் சேர்த்து நிறுத்திக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் செய்து மாட்டிக்கொண்டேன். கெபாசிட்டர்கள் இரண்டும் 10 சதவீதம் கூடுதலாக இருந்தால் மையம் 636 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். 700 ஹெர்ட்ஸில் வரும் மோர்ஸ் ஒலி, உச்சத்தில் கிடைக்க வேண்டியதில் 58 சதவீதமாகச் சுருங்கும். மீட்க R2 1347 ஓமுக்கு இறங்க வேண்டும், 1.5 கிலோ ஓம் அதற்கு இடம் தராது. 1.2 கிலோ ஓமும் 1 கிலோ ஓம் ப்ரீசெட்டும் போட்டால் மையம் ஏறத்தாழ 610 முதல் 814 வரை போய்வரும். 5 சதவீத ஃபிலிம் கெபாசிட்டராக இருந்தால் இன்னும் நிம்மதி.

திருகும்போது வோல்ட்மீட்டரில் உச்சத்தைத் தேடாதீர்கள். உச்சி தட்டையானது: மையம் 5 ஹெர்ட்ஸ் தள்ளியிருந்தாலும் வோல்டேஜ் அரை சதவீதம்தான் குறையும், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கட்டம் அதற்குள் 6 டிகிரி நகர்ந்துவிடும். ஆஸிலோஸ்கோப்பை எக்ஸ்-ஒய் முறையில் வைத்து, 700 ஹெர்ட்ஸ் சைன் அலையை உள்ளீட்டில் கொடுத்து, உள்ளீட்டை எக்ஸிலும் வெளியீட்டை ஒய்யிலும் இணையுங்கள். திரையில் சாய்ந்த நீள்வட்டம் தெரியும். ப்ரீசெட்டைத் திருகத் திருக அது ஒடுங்கி, இடமிருந்து வலமாக இறங்கும் ஒற்றைக் கோடாக மூடிக்கொள்ளும் இடம்தான் மையம். சுற்று அலையைத் தலைகீழாக்குவதால் கோடு இறங்குகிறது. ஏறினால் எங்கோ இணைப்பு தவறு.

இன்னொரு பொறி R1-இல் இருக்கிறது. முன்கட்டத்தின் வெளியீட்டு மின்தடை R1-ஓடு கூடிவிடும். முன்னால் 10 கிலோ ஓம் இருந்தால் R1 43 ஆகிறது, பெருக்கம் 3.8-க்கு விழுகிறது. மையம் நான்கு ஹெர்ட்ஸ்தான் நகர்கிறது. மையம் சரி, அகலமும் சரி, ஒலி மட்டும் தாழ்ந்திருக்கிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

டோ-தாமஸுக்கு மூன்று ஆப்-ஆம்ப், ஆறு மின்தடைகள். இதே தேவைக்கு இரண்டு இன்டெக்ரேட்டர் மின்தடைகளும் 22.7 கிலோ ஓம், Q-வுக்கானது 159, உள்ளீட்டில் 31.8. நான்கு ஆப்-ஆம்ப் கொண்ட ஒரு சிப்பில் அடங்கிவிடும்; லோபாஸ் வெளியீடும் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் நான் கேட்ட சுதந்திரத்தை எம்.எஃப்.பி. ஒற்றை ஆப்-ஆம்பிலேயே தந்துவிட்டது. 700 ஹெர்ட்ஸில் டோ-தாமஸ் எனக்கு வீண்செலவாகவே பட்டது.

அந்தத் தீர்ப்பு எதுவரை செல்லும் என்பது ஆப்-ஆம்பைப் பொறுத்தது. எம்.எஃப்.பி.யில் மையத்தில் ஆப்-ஆம்பின் திறந்த பெருக்கம் 2Q²-ஐவிடப் பலமடங்கு இருக்க வேண்டும். நம் பெருக்கமும் 2Q²-க்குக் கீழேதான் இருக்க முடியும். அதைத் தாண்டினால் R2 எதிர்மறை எண்ணாக வரும். ஆப்-ஆம்பின் வேகம் போதாவிட்டால் மையம் தோராயமாக இவ்வளவு கீழே சறுக்கும்:

```
Δf0 / f0 ≈ − Q · f0 / GBW
```

1 மெகாஹெர்ட்ஸ் ஆப்-ஆம்பில் நம் வடிகட்டிக்கு அது அரை சதவீதம், மூன்றரை ஹெர்ட்ஸ். ப்ரீசெட் அதை விழுங்கிவிடும். அதே சிப்பை வைத்து 10 கிலோஹெர்ட்ஸில் Q 10 கேட்டால் சறுக்கல் 10 சதவீதம். அங்கே டோ-தாமஸில் மையம் அவ்வளவு நகராது; அதற்குப் பதிலாக Q கணக்கைவிட ஏறிவிடும். மலிவான சிப்பில் எதுவும் சும்மா கிடைப்பதில்லை.

கடைசியில் நான் சாலிடர் செய்தது இரண்டு எம்.எஃப்.பி. கட்டங்களை அடுத்தடுத்து. ஒவ்வொன்றுக்கும் அகலம் 150 ஹெர்ட்ஸ், பெருக்கம் 2.24. இரண்டும் சேர்ந்தால் அகலம் 97 ஹெர்ட்ஸுக்குச் சுருங்கும். ஒற்றைக் கட்டம் 1000 ஹெர்ட்ஸில் குறுக்கிடும் நிலையத்தை 15 டெசிபெல்தான் தாழ்த்தியது; இரட்டையில் அது 22 டெசிபெல். இரட்டை ஆப்-ஆம்ப் சிப்பில் சும்மா கிடந்த மறுபாதிக்கும் வேலை கிடைத்தது.