கேட்வே கழித்துக்கொள்ளும் கட்டணம்: கிளியரிங் கணக்கோடு சில வருட அனுபவம்

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் அண்ணன் வைத்திருக்கும் பூஜைப் பொருள் கடைக்குக் கணக்கு எழுதுவது நான். பித்தளை விளக்கு, எவர்சில்வர் சாமான், கொஞ்சம் விபூதி, குங்குமம், சாம்பிராணி. கடை ஜிஎஸ்டி பதிவு பெற்றது. ஆன்லைன் விற்பனை 2022இல் தொடங்கியது. அன்றிலிருந்து ஒரே முறையில்தான் எழுதி வருகிறேன்: விற்பனை முழுத் தொகைக்கு ஒரு பதிவு, வாடிக்கையாளரிடம் ஆன்லைனில் பணம் வாங்கி நமக்கு அனுப்பும் கேட்வே பிடித்துக்கொண்ட கட்டணத்துக்குத் தனிப் பதிவு, வங்கிக்கு வந்த பணத்துக்கு இன்னொரு பதிவு. மூன்றும் சந்திக்கும் இடம் `Gateway Clearing` என்று நான் பெயர் வைத்திருக்கும் ஒரு கணக்கு. இந்த முறை எங்கே உதவியது, எங்கே இழுத்தடித்தது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு நாள் கணக்கு. மூன்று ஆர்டர்கள்: 109 வெள்ளி, 54 வெள்ளி 50 காசு, 218 வெள்ளி. மூன்றும் 9 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்த விலை, மூவரும் உள்ளூர் கார்டில் கட்டியவர்கள். எங்கள் கேட்வே ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 3.4 சதவீதமும் 50 காசும் பிடிக்கும். ஆக 4.21, 2.35, 7.91 என்று போய், மொத்தக் கட்டணம் 14.47. வாடிக்கையாளர்கள் கொடுத்தது 381.50. இரண்டொரு நாள் கழித்து வங்கிக்கு வருவது 367.03 மட்டும். வங்கி அறிக்கையில் ஒரே வரி. எத்தனை ஆர்டர், யார் வாங்கினார்கள், எவ்வளவு கழிந்தது எதுவும் அதில் இருக்காது.

இதை நான் எழுதுவது இப்படி:

```
1. விற்பனை நாள்
   பற்று   Gateway Clearing     381.50
   வரவு    விற்பனை              350.00
   வரவு    ஜிஎஸ்டி (விற்பனை)     31.50

2. கட்டணம்
   பற்று   கேட்வே கட்டணம்        14.47
   வரவு    Gateway Clearing      14.47

3. வங்கிக்கு வந்த நாள்
   பற்று   வங்கி                367.03
   வரவு    Gateway Clearing     367.03
```

கிளியரிங் கணக்கில் 381.50 ஏறி, 14.47உம் 367.03உம் இறங்கி, மிச்சம் பூஜ்யம். அவ்வளவுதான் சூட்சுமம்.

அண்ணனுக்கு இது பிடித்திருக்கவில்லை. "பேங்குக்கு வந்ததுதானே நம்ம காசு? வராத பதினாலு வெள்ளிய எதுக்கு விற்பனைன்னு எழுதுற?" என்றார். "வாங்குனவங்க 381.50 கொடுத்திருக்காங்க அண்ணே. அவங்களுக்கு நாம கொடுத்த பில்லுலயும் அதுதான் இருக்கு" என்றேன். அவர் சமாதானமாகவில்லை. சரி, அவர் சொல்கிற மாதிரியே எழுதினால் என்ன ஆகும் என்று அதே மூன்று ஆர்டரை வைத்துப் போட்டுக் காட்டினேன்.

வங்கிக்கு வந்த 367.03ஐ ஜிஎஸ்டி சேர்ந்த விற்பனை என்று பதிந்தால், மென்பொருள் அதில் 109இல் 9 பங்கை வரியாகப் பிரிக்கும். 30.31 வரி, 336.72 விற்பனை. உண்மையில் வாடிக்கையாளர்களிடம் நாம் வசூலித்த வரி 31.50. அதாவது 1.19 வெள்ளி வரியைக் குறைத்துக் காட்டுகிறோம். மூன்று ஆர்டரில் ஒரு வெள்ளிச் சொச்சம்தானே என்று தோன்றும். ஆனால் அது கட்ட வேண்டிய வரியில் ஏறக்குறைய 4 சதவீதம், அதே விகிதத்தில் ஒவ்வொரு காலாண்டும் தொடரும். கட்டணத்தில் இல்லாத ஜிஎஸ்டியை நாமே கற்பனை செய்து கழித்துக்கொள்வதற்குச் சமம் அது. உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்குப் போகும் `GST F5` படிவத்தில் `Box 1` என்பது விற்பனையின் மதிப்பு, `Box 6` அதன் மீதான வரி. இரண்டும் வாடிக்கையாளர் கொடுத்த விலையிலிருந்து வர வேண்டியவை. இடையில் நமக்குச் சேவை செய்தவர் தன் கூலியை முன்கூட்டியே எடுத்துக்கொண்டார் என்பதால் விற்பனை விலை குறைந்துவிடாது.

கட்டணத்தின் மீது ஜிஎஸ்டி உண்டா என்பது தனிக் கேள்வி. அதற்கு நான் பார்ப்பது கேட்வே தரும் இன்வாய்ஸை மட்டும்தான். அதில் வரி தனியாகக் காட்டி முறையான வரி இன்வாய்ஸாக இருந்தால் அதை உள்ளீட்டு வரியாக `Box 7`இல் கோரலாம். இல்லையென்றால் 14.47 முழுதும் செலவு. இரண்டில் எதுவானாலும் அது விற்பனைப் பக்கத்தைத் தொடாது. தனிப் பதிவாக வைத்திருப்பதால்தான் இந்தக் கேள்வியைத் தனியாகக் கேட்கவே முடிகிறது.

இந்த முறைக்கு உண்மையான சோதனை வந்தது 2023 முடிந்து 2024 பிறந்தபோது. ஜிஎஸ்டி 8 சதவீதத்திலிருந்து 9 ஆனது 2024 ஜனவரி 1 அன்று. டிசம்பர் கடைசியில் ஆர்டர் செய்து முழுப் பணமும் கட்டியவர்களுக்கு 8 சதவீதம்தான். ஆனால் அந்தப் பணம் எங்கள் வங்கிக்கு வந்தது ஜனவரியில். டிசம்பர் 31இல் 108 வெள்ளிக்கு வந்த ஓர் ஆர்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணம் 4.17 போய், வங்கிக்கு 103.83. வங்கிக்கு வந்த நாளில் பதிபவர் அதில் 9 சதவீதக் கணக்குப்படி 8.57 வரி எடுப்பார். சரியான வரி 8.00. இங்கே தவறு எதிர்ப்பக்கம் சாய்கிறது, கைக்காசைக் கூடுதலாகக் கட்டுகிறோம், அதுவும் தவறான காலாண்டில். எனக்கு அந்த வாரம் எந்த வேலையும் கூடவில்லை. விற்பனை டிசம்பர் தேதியில் 8 சதவீதத்தில் ஏற்கனவே உட்கார்ந்திருந்தது. ஜனவரியில் வந்தது வெறும் பண இடமாற்றம், அதில் வரிக்கே இடமில்லை.

விகிதம் மாறாத வருடங்களிலும் காலாண்டு எல்லை தொந்தரவு தரும். 2025இல் தீபாவளி அக்டோபர் 20. விளக்குகள் செப்டம்பர் கடைசி வாரத்திலேயே நகர ஆரம்பித்துவிடும். எங்கள் காலாண்டு முடிவது செப்டம்பர் 30. கடைசி இரண்டு மூன்று நாள் ஆர்டர்கள் எல்லாம் அக்டோபரில்தான் வங்கியைத் தொடும். அன்றைக்குக் கிளியரிங் கணக்கில் மிச்சம் நிற்கும், நிற்கவும் வேண்டும். நான் செய்வது ஒன்றே ஒன்று: கேட்வே தளத்தில் செப்டம்பர் 30 தேதிக்கு, இன்னும் அனுப்பப்படாத இருப்பு எவ்வளவு என்று பார்த்து, அதையும் என் கிளியரிங் மிச்சத்தையும் ஒப்பிடுவது. இரண்டும் ஒன்றானால் படிவத்தை அனுப்பிவிடலாம்.

ஒன்றாகாதபோதுதான் இந்தக் கணக்கு தன் பேச்சைத் தொடங்கும். சில வருடம் பழகியபின் மிச்சத்தைப் பார்த்தாலே வியாதி தெரிந்துவிடுகிறது. மிச்சம் மெல்ல மெல்லக் கூடி, விற்பனையில் 4 சதவீதம் அளவுக்கு வளர்ந்துகொண்டே போனால், கட்டணப் பதிவு விட்டுப்போகிறது. மிச்சம் மைனஸில் போனால், ஏதோ விற்பனை ஏறவில்லை, அல்லது யாரோ கட்டணத்தைக் கழித்த தொகையை விற்பனையாகப் போட்டுவிட்டு மறுபடி கட்டணத்தையும் பதிந்திருக்கிறார்கள். வித்தியாசம் சரியாக ஒரு பொருளின் விலையாக இருந்தால், உதாரணமாக 218, ஒரு ரீஃபண்ட் பதியப்படவில்லை.

ரீஃபண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கட்டணம் போக வந்த தொகையை மட்டும் எழுதுகிறவர்களுக்கு இது கண்ணிலேயே படாது. அந்த 218 வெள்ளி விளக்கு நசுங்கிப் போய்ச் சேர்ந்து, பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம் என்று வையுங்கள். விற்பனையில் 200உம் ஜிஎஸ்டியில் 18உம் திரும்ப இறங்கும், கிரெடிட் நோட்டும் போகும். ஆனால் முதலில் பிடித்த 7.91ஐ எங்கள் கேட்வே திருப்பித் தராது. விற்பனை இல்லை, கட்டணம் மட்டும் நிற்கிறது. அடுத்த நாள் 109 வெள்ளி ஆர்டர் மூன்று வந்திருந்தால், 327இல் கட்டணம் 12.63உம் ரீஃபண்ட் 218உம் கழிந்து வங்கிக்கு வருவது 96.37. அந்த ஒற்றை எண்ணைப் பார்த்து மூன்று விற்பனையையும் ஒரு ரீஃபண்டையும் யாராலும் ஊகிக்க முடியாது. வங்கி வரியை மென்பொருள் "இது விற்பனைதானே?" என்று தானாகவே பரிந்துரைக்கும், அதை ஏற்கவே கூடாது. வங்கிப் பணம் எப்போதும் கிளியரிங்கிலிருந்து வரும் இடமாற்றம்.

கட்டணம் தனி வரியாக நிற்பதால் கிடைத்த எதிர்பாராத லாபம் ஒன்று உண்டு. வருடக் கடைசியில் அந்த வரியை ஆர்டர் அளவோடு வைத்துப் பார்த்தேன். 109 வெள்ளி ஆர்டரில் கட்டணம் 3.9 சதவீதம். விபூதி, சாம்பிராணி என்று 12 வெள்ளிக்கு வாங்குகிறவரிடம் 91 காசு போகிறது, அதாவது 7.6 சதவீதம். சதவீதம் அல்ல, அந்த நிலையான 50 காசுதான் சின்ன ஆர்டரைத் தின்கிறது. அதே 12 வெள்ளியைக் கேட்வே வழியாகப் பேநௌவில் கட்டினால், எங்கள் திட்டத்தில் 1.3 சதவீதம், 16 காசு. அதன்பிறகு செக்அவுட் பக்கத்தில் பேநௌவை மேலே நகர்த்தினோம். அண்ணனுக்கு இந்த முறை பிடித்துப்போனது அன்றிலிருந்துதான், வரிக் காரணம் அவரை அசைக்கவில்லை!

குறைகளும் உண்டு. ஒவ்வோர் ஆர்டருக்கும் மூன்று பதிவு போட்டால் தீபாவளி மாதத்தில் பைத்தியம் பிடிக்கும். நான் ஒரு நாள் விற்பனையை ஒரே பதிவாகவும், கேட்வே ஒரு தடவை வங்கிக்கு அனுப்பும் பணமான பேஅவுட்டின் கட்டணத்தை ஒரே பதிவாகவும் சுருக்கிக்கொள்கிறேன். தனித்தனி ஆர்டர் விவரம் கேட்வேயின் பேஅவுட் அறிக்கையில் இருக்கும். அதை மாதாமாதம் இறக்கிச் சேமிப்பது கட்டாயம். கணக்கு ஆவணங்களை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும், கேட்வேயை மாற்றினால் பழைய தளத்துக்குள் நுழைய முடியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நாள் சுருக்கம் போடும்போது ஒரு காசு, இரண்டு காசு வித்தியாசம் வரும். மென்பொருள் வரியை மொத்தத்தில் கணக்கிடுகிறது, கடைத்தளம் ஒவ்வோர் ஆர்டரிலும் கணக்கிடுகிறது. அதை ரவுண்டிங் கணக்கில் தள்ளிவிடுகிறேன், ஆனால் ஒரு வெள்ளியைத் தாண்டினால் தேடாமல் விடுவதில்லை.

இரண்டாவது கேட்வே சேர்த்தபோது அதற்குத் தனியாக இன்னொரு கிளியரிங் கணக்கு திறந்தேன். இரண்டையும் ஒன்றில் போட்டால் ஒன்றின் பற்றாக்குறையை மற்றதன் மிச்சம் மறைத்துவிடும். ஜிஎஸ்டி பதிவே இல்லாத, மாதம் பத்துப் பதினைந்து ஆர்டர் மட்டும் போகும் வீட்டுப் பலகார வியாபாரத்துக்குக் கிளியரிங் கணக்கு வரை போக வேண்டாம், எக்செலில் மொத்த விற்பனை, கட்டணம், வந்த தொகை என்று மூன்று பத்தி போதும். மொத்த விற்பனைப் பத்தியை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஜிஎஸ்டி பதிவுக்கான 10 லட்சம் வெள்ளி எல்லையை எட்டுகிறோமா என்று பார்ப்பது அதை வைத்துத்தான், வங்கிக்கு வந்ததை வைத்து அல்ல.