பதினொன்றா, ஒன்பதா? பெரும ஓட்டத்துக்கு எந்தப் பாதையை முதலில் எடுப்பது

தர்மபுரியில் முதுகலைக் கணினியியல் மாணவர்களுக்குத் தேர்வு நேரத்தில் கணக்குப் போட்டுக் காட்டுவது என் வழக்கம். ஆண்டுதோறும் ஒரே கேள்விதான் வருகிறது: ஒரு வலைப்பின்னலில் தொடக்கத்திலிருந்து முடிவு வரை அதிகபட்சம் எவ்வளவு அனுப்பலாம் என்று காணும் பெரும ஓட்டக் கணக்கில், ஓட்டத்தைக் கூட்டும் பாதைகளில் எதை முதலில் எடுக்க வேண்டும்? கண்ணில் பட்டதையா, கிளைகள் குறைந்ததையா, அகலமானதையா? மூன்றையும் ஒரே படத்தில் வைத்துப் பார்த்தால்தான் வேறுபாடு பிடிபடும்.

படம் நம் ஊர்ச் சாலைகள்தான். தர்மபுரியிலிருந்து ஓசூருக்குத் தக்காளி லாரிகள் போகின்றன. ஒரு வழி கிருஷ்ணகிரி, சூளகிரி வழியாக. இன்னொன்று பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக. கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டைக்கு ஓர் இணைப்பும் உண்டு. எண்கள் நான் கணக்குக்காக வைத்தவை. ஒரு மணி நேரத்தில் அதிகபட்சம் எத்தனை லாரிகள் என்று கொள்ளுங்கள். ஊர் ஒவ்வொன்றும் ஒரு கணு, சாலை ஒவ்வொன்றும் ஒரு கிளை, எண் அதன் கொள்ளளவு. ஊர்களை முதலெழுத்தால் குறிக்கிறேன்.

```
த → கி  7      த → பா  5
பா → ரா 5      கி → ரா 4
கி → சூ 5      சூ → ஓ  8
ரா → ஓ  6
```

முதலில் கண்ணில் பட்ட பாதை. ஃபோர்டும் ஃபுல்கர்சனும் 1956-இல் தந்த முறை இதற்கு இடம் கொடுக்கிறது. எந்தப் பாதையானாலும் சரி என்கிறது. த–கி–ரா–ஓ எடுக்கிறோம். மிகக் குறுகிய கிளை 4. நான்கு லாரிகள் போயின. அடுத்து த–கி–சூ–ஓ. த→கி கிளையில் மீதி 3 தான், எனவே 3. பிறகு த–பா–ரா–ஓ. ரா→ஓ கிளையில் மீதி 2, எனவே 2. மொத்தம் 9.

பெரும்பாலானவர்கள் பேனாவை மூடுவது இங்கேதான். முன்னோக்கிப் பார்த்தால் வழி இல்லை. த→கி நிரம்பிவிட்டது, பாலக்கோடு வழியாக ராயக்கோட்டை வரை வரலாம், அங்கிருந்து ஓசூர் சாலை நிரம்பிவிட்டது. ஆனால் ஒவ்வொரு கிளையிலும் இன்னும் எவ்வளவு கூட்டலாம், எவ்வளவு திரும்பப் பெறலாம் என்று காட்டும் மீதி வலைப்பின்னலில் ராயக்கோட்டையிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 4 அளவுள்ள பின்கிளை இருக்கிறது. லாரி பின்னோக்கிப் போகிறது என்று அதற்குப் பொருள் இல்லை. முன்பு கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டைக்குத் திருப்பிய நான்கில் சிலவற்றைச் சூளகிரிப் பக்கம் மாற்றிவிடலாம், அந்த இடத்தைப் பாலக்கோட்டு லாரிகள் பிடித்துக்கொள்ளும் என்றுதான் பொருள். த–பா–ரா–கி–சூ–ஓ வழியில் கி→சூ மீதி 2 என்பதால் இன்னும் 2 கூடுகிறது. விடை 11.

ஒன்பதில் நின்றவர் தன் தவறைத் தானே கண்டுபிடிக்க முடியுமா? முடியும், ஒரு பொறியில் சிக்காவிட்டால். அவர் கணக்கில் தர்மபுரியிலிருந்து போகக்கூடியவை த, பா, ரா. இந்தக் கூட்டத்தைவிட்டு வெளியே போகும் கிளைகள் த→கி 7, ரா→ஓ 6. இவற்றின் கூட்டுத்தொகைதான் வெட்டின் கொள்ளளவு, 13. ஓட்டமோ 9. இரண்டும் சமமில்லை என்றால் வேலை முடியவில்லை என்று பொருள். ஆனால் சிலர் உள்ளே வரும் கி→ரா கிளையின் 4-ஐக் கழித்து, "13 − 4 = 9, சரியாகிவிட்டது" என்று எழுதிவிடுகிறார்கள். வெட்டின் கொள்ளளவில் உள்ளே வரும் கிளைக்கு இடமே இல்லை. கழிப்பது ஓட்டத்தைக் கணக்கிடும்போது மட்டும்தான். பெரும ஓட்டத்தில் சிறும வெட்டுக்குள் திரும்பி வரும் கிளையில் ஓட்டம் பூச்சியமாக இருந்தாக வேண்டும். இங்கே அது 4. தவறான விடையைத் தவறான சரிபார்ப்பு தாங்கிப் பிடிக்கும் இந்த இடத்தை நான் கரும்பலகையில் இரண்டு முறை போட்டுக் காட்டுவேன்.

அடுத்தது கிளைகள் குறைந்த பாதை. ஒவ்வொரு சுற்றிலும் அகல்முதல் தேடல் நடத்தி, கிளை எண்ணிக்கை மிகக் குறைந்த பாதையை எடுப்பது. எட்மண்ட்ஸ், கார்ப் இருவரின் 1972 கட்டுரை இதை அலசியது. நம் படத்தில் கி-க்கு ரா-வையும் சூ-வையும் அந்த வரிசையில் எழுதியிருந்தால் மேலே கண்ட அதே நான்கு பாதைகளே வருகின்றன. சுற்றுகளில் லாபம் ஒன்றுமில்லை. ஆனாலும் தேர்வுத்தாளில் இதற்கு ஒரு தனிப் பலன் உண்டு: பாதை நீளம் ஒருபோதும் குறையாது. இங்கே 3, 3, 3, 5. ஐந்துக்குப் பிறகு மூன்று வந்தால், எங்கோ ஒரு மீதி எண்ணை மாற்ற மறந்திருக்கிறீர்கள். இது மிக மலிவான எச்சரிக்கை.

அகலமான பாதையில் கணக்கு சுருங்குகிறது. குறுகிய கிளை எந்தப் பாதையில் மிகப் பெரிதோ அதையே எடுக்கிறோம். த–கி–சூ–ஓ 5, த–பா–ரா–ஓ 5, பிறகு த–கி–ரா–ஓ 1. மூன்றே சுற்று, பின்கிளையே தேவைப்படவில்லை.

இதைப் பார்த்து "அகலமானதை எடுத்தால் பின்கிளை வரைய வேண்டியதில்லை" என்று முடிவு கட்டினால் மோசம் போவீர்கள். கி→ரா கொள்ளளவை மட்டும் 4-லிருந்து 6 ஆக்குங்கள். இப்போது மிக அகலமானது த–கி–ரா–ஓ, 6. அடுத்த அகலமான பாதை த–பா–ரா–கி–சூ–ஓ, 5. அது பின்கிளை வழியாகவே போகிறது. இரண்டு சுற்றில் 11. பின்கிளை வரையாதவர் இரண்டாம் சுற்றில் த–கி–சூ–ஓ வழியாக 1 மட்டும் சேர்த்து, 7 என்று எழுதுவார்.

"கண்ணில் பட்ட பாதை ஏன் மோசம்?" என்ற கேள்விக்கு எல்லோரும் எழுதும் உதாரணம் ஒன்று உண்டு. த→கி, த→ரா, கி→ஓ, ரா→ஓ ஒவ்வொன்றும் 1000. நடுவில் கி→ரா 1. நடுக்கிளையை ஒரு முறை முன்னும் ஒரு முறை பின்னுமாகத் தொட்டால் சுற்றுக்கு ஒன்றுதான் கூடும். 2000 சுற்று ஆகும். அகல்முதல் தேடலுக்கு இரண்டு சுற்று போதும். இதில் பலர் "ஆழமுதல் தேடல் 2000 சுற்று எடுக்கும்" என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. அண்டைக் கணுக்களின் வரிசை மாறாத ஆழமுதல் தேடலில், நடுக்கிளையை எப்போதும் முதலில் பார்த்தாலும், 1, 999, 1, 999 என்று நான்கே சுற்றில் முடிந்துவிடும். "பாதைகளை வேண்டுமென்றே மாறி மாறி எடுத்தால்" என்ற சொற்கள் இருந்தால்தான் அந்த விடை முழுமையாகும்.

ஆக, கேள்வியில் முறையின் பெயர் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். எட்மண்ட்ஸ்–கார்ப் என்று கேட்டிருக்கும்போது அகலமான பாதையை எடுத்தால், 11 வந்தாலும் படிகளுக்கான மதிப்பெண் போகும். பெயர் இல்லாவிட்டால், ஆறேழு கணுக்கள் வரை நான் அகலமானதையே எடுப்பேன். படம் அதைவிடப் பெரிதானால் அகலமான பாதையைக் கண்ணால் தேடுவதே பிழைக்கு வழி, அங்கே அகல்முதல் தேடல்தான் பாதுகாப்பு. எதை எடுத்தாலும் ஓசூரை எட்டாமல் நின்ற கடைசித் தேடலையும் தாளில் எழுதுங்கள். நம் முதல் படத்தில், நான்கு சுற்று முறையில் அது த, பா, ரா, கி என்று நிற்கும்; வெளியே போவன கி→சூ 5, ரா→ஓ 6.